தமிழ்ப் படங்களை அனுப்பும் முன் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்

தலைமை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவினருக்கு,

வணக்கம். ஓணத் தள்ளுபடிக்காக எங்கள் கடையின் பெயரிட்டு நீங்கள் அனுப்பிய தமிழ் விளம்பரப் படங்களில் எழுத்துகள் உடைந்து வந்து சேர்ந்தன என்பது உங்களுக்குத் தெரியும். நானும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலுள்ள மற்ற விற்பனையாளர்களும் அப்போதே எழுதினோம். "உங்கள் போனில் தமிழ் எழுத்துரு இல்லை, போனை மாற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அனுப்பிய படம் ஜேபெக் கோப்பு. அதில் எழுத்தே கிடையாது, புள்ளிகள்தான் இருக்கின்றன. எந்தப் போனில் திறந்தாலும் அந்தப் புள்ளிகள் இடம் மாறப்போவதில்லை. வாட்ஸப்பில் அனுப்பும்போது கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். அந்தப் படத்தோடு நீங்கள் அனுப்பிய தமிழ்ச் செய்தியை அதே போன் பிழையில்லாமல் காட்டியது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க வேறு ஆராய்ச்சி தேவையில்லை. எல்லாப் போன்களிலும் ஒரே மாதிரி உடைந்திருந்தால் உடைத்தது படத்தைச் செய்த இடம். போனுக்குப் போன் வேறுபட்டால் மட்டுமே போனைப் பற்றிப் பேசலாம்.

இன்னொரு சான்றும் அதே படத்தில் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் இருந்த "ஓணத் தள்ளுபடி" சரியாக இருந்தது. கீழே கடையின் பெயரும் ஊரும் வரும் வரி மட்டும் சிதைந்திருந்தது. கொழிஞ்சாம்பாறை என்பதில் முதல் எழுத்தின் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் அதைத் தாண்டிப் போய் நின்றது. கடைசி எழுத்தின் ஐகாரக் கொம்பு றகரத்துக்குப் பின்னால் தனியே தொங்கியது. இடையிலுள்ள ழி, சா, பா மூன்றும் தப்பித்தன, ஏனென்றால் அவற்றின் குறிகள் வலப்பக்கம் வருபவை. இந்த வேறுபாடு நோயைச் சொல்லிவிடுகிறது. யூனிகோடில் "கொ" என்பது முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கொம்பை முன்னே கொண்டுவருவதும், ளு என்பதில் உகரக் குறியை ளகரத்தோடு ஒட்டுவதும் எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. அதைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்க நிரலகம் வேண்டும். அது இல்லாவிட்டால் சேமித்த வரிசையிலேயே எழுத்துகள் வந்து விழும். எழுத்துரு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

தலைப்பை உங்கள் வடிவமைப்பாளர் கையால் அமைத்தார், கடைப் பெயரை நிரல் நிரப்பியது. இது என் ஊகமல்ல. உங்கள் நிரலாளரே தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். மலையாளப் படங்களைக் கையாலேயே செய்கிறீர்களாம். தமிழ்க் கடைகள் சிலவே என்பதால் பைத்தானில் பில்லோ நிரலகத்தைக் கொண்டு பெயரை ஏற்றுகிறீர்களாம். அப்படியானால் உங்கள் சர்வரில் இதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
from PIL import features
print(features.check("raqm"))
```

`False` என்று வந்தால் நான் மேலே சொன்னதுதான் நடக்கிறது. ராக்ம் என்பது ஹார்ஃப்பஸைப் பில்லோவோடு இணைக்கும் நிரலகம். அது இல்லாதபோது பில்லோ எந்தக் கூச்சலும் போடாமல் எளிய முறைக்கு இறங்கிவிடும். அதனால்தான் நிரலாளருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆனால் எங்களை உண்மையில் வதைத்தது சிதைந்த பெயரல்ல, காணாமல் போன வரி. உங்கள் இணையப் பக்கத்தில் வந்த மிக்ஸி விளம்பரத்தைச் சொல்கிறேன். அதில் படம் வேறு, வாசகம் வேறு. படத்தின் மேல் வாசகத்தை அந்தந்தப் போனே எழுதிக்கொள்கிறது. முதல் வரி "மிக்ஸி ரூ. 2,999 மட்டுமே". இரண்டாவது வரி "பழைய மிக்ஸியைத் திருப்பித் தந்தால்". என் போனில் இரண்டும் தெரிந்தன. வேலந்தாவளத்திலிருந்தும் வடகரப்பதியிலிருந்தும் வந்தவர்களின் போன்களில் முதல் வரியே இரண்டாக மடிந்து, நிபந்தனை பெட்டிக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. வயதானவர்கள் பலர் போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். போதாததற்கு, ஐபோனில் இருக்கும் தமிழ் எழுத்துருவும் ஆண்ட்ராய்டில் இருக்கும் எழுத்துருவும் ஒரே அகலம் கொண்டவை அல்ல. நீங்களோ பெட்டியின் உயரத்தைக் கட்டிப்போட்டு, மிஞ்சுவதை மறைத்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள்.

பஸ் ஏறி வந்த ஒரு பாட்டி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு தம்பி" என்றார். காட்ட முடியவில்லை, அங்கே எழுதியிருக்கவில்லையே. ஏமாற்றுக்காரன் என்ற பெயரை வாங்கியது உங்கள் நிறுவனம் அல்ல, தினமும் அவர்கள் முகத்தில் விழிக்கும் நான். அந்த விலை வித்தியாசத்தைச் சிலருக்கு என் கையிலிருந்து கொடுத்தேன்.

ஒரு வரிக்கு 28 எழுத்து என்று கணக்கு வைத்திருப்பதாகவும் உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எதை எண்ணுகிறார்கள்? "தள்ளுபடி" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு. அதோடு ணகரமும் ரகரமும் ஒரே இடத்தையா அடைக்கின்றன? எண்ணிக்கையை விட்டுவிட்டு, அமைத்த வரியின் அகலத்தை அளந்து, மிஞ்சினால் மடிக்கவோ எழுத்தைச் சிறிதாக்கவோ செய்ய வேண்டும். உயரத்தையும் தாராளமாக விடுங்கள். தமிழில் கீ மேலே சுழிக்கும், மூ கீழே இறங்கும்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பஸ் பலகையிலிருந்து விண்ணப்பப் படிவம் வரை தமிழ் என்பது கடைசி நேரத்தில் ஒட்டவைக்கும் வால்தான். இத்தனைக்கும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற உங்கள் ஊர்க் குழுவினர் மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். மலையாளிகள் செய்த தமிழ் எழுத்துரு உலகம் முழுவதும் கிடைக்கிறது, உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை போலும். மன்னியுங்கள், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கேட்பது இதுதான். சர்வரில் ராக்ம் இருக்கிறதா என்று பாருங்கள். இணையப் பக்கத்தோடு தமிழ் எழுத்துருவையும் சேர்த்தே அனுப்புங்கள், பெட்டி வாசகத்துக்கு ஏற்ப வளரட்டும். விலையும் நிபந்தனையும் ஒரே வாக்கியமாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் படமும் வெளியே போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் படித்துப் பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், கூலி வேண்டாம்.

தீபாவளிப் படங்கள் தயாராகிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் இவற்றைச் சரிசெய்ய முடியாவிட்டால், எழுத்தில்லாத வெறும் படத்தை அனுப்பி, வாசகத்தைத் தனிச் செய்தியாகக் கொடுங்கள். எங்கள் போன்கள் அதைச் சரியாகவே காட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விற்பனையாளர்,
கொழிஞ்சாம்பாறை