பனைக்கு மேலே போன மலை

அன்பு நண்பா,

கடிதமும் காலண்டர் படமும் வந்து சேர்ந்தன. மூத்தவளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிவாகிவிட்டது. அதனால்தான் உன் படத்தில் குறை சொல்லும் தைரியம் வந்திருக்கிறது.

மூட்டத்தில் மலை தெரியாத நாளில் சேரன்மகாதேவி வயலை எடுத்துவிட்டு, பாபநாசத்தில் எடுத்த மலையைப் பின்னால் ஒட்டியிருக்கிறாய். ஒட்டு தெரியவில்லை, சரி. ஆனால் மலை பயமுறுத்துகிறது.

அகத்தியமலை 1,868 மீட்டர். சேரன்மகாதேவியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 36 கிலோமீட்டர். வயல் மட்டத்தையும் பூமியின் வளைவையும் கழித்தால் மிஞ்சுவது 1,700 மீட்டர் சொச்சம். தூரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. உன் போன் லென்ஸ் பழைய பிலிம் கேமராவின் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம், படம் 4,000 பிக்சல் அகலம். அதில் மலை 140 பிக்சல் உயரம்தான் வரும். நீ வைத்திருப்பது 600! அது ஏழாயிரம் மீட்டருக்கு மேல். இமயமலையைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

கணக்கு வேண்டாம் என்றால் அந்த ஒற்றைப் பனையைப் பார். இருபது மீட்டர் மரம் நானூறு மீட்டர் தள்ளி நின்றால் அதுவும் இருபதில் ஒரு பங்குதான். மலையுச்சி பனையின் தலைக்குச் சமமாக நிற்க வேண்டும். சுருக்கும்போது அகலமும் உயரமும் ஒன்றாகவே சுருங்கட்டும். உயரத்தை மட்டும் அமுக்கினால் பாறைகள் நசுங்கித் தெரியும். பக்கத்தில் காலியாகும் இடத்துக்குத் தாழ்ந்த குன்றுகள் போதும்.

அப்புறம் நிறம். மலையின் நிழல்கள் உன் பனையைப் போலவே கறுத்திருக்கின்றன. அத்தனை தூரத்தில் கறுப்பு என்பதே கிடையாது. தொடுவானத்தை ஒட்டிய வானத்தின் நிறத்தை எடுத்து, மலையின் மேல் மட்டும் ஒரு லேயராகப் பூசு. 100 கிலோமீட்டர் வரை கண்ணுக்கு எட்டுகிற நல்ல தெளிவான நாளில்கூட 36 கிலோமீட்டருக்கு 75 சதவீதம் பூச்சு வேண்டும். 15 கிலோமீட்டரில் நிற்கும் குன்றுக்கு 45 போதும். அடிவாரம் உச்சியைவிட வெளிறியிருக்கட்டும், தூசியும் ஈரமும் தாழ்வாகத்தானே படிகின்றன. மங்கலாக்குகிறேன் என்று பிளர் போட்டுவிடாதே. விளிம்பு கூர்மையாகவே இருக்கலாம், கறுப்பு வெளுப்பு வித்தியாசம்தான் குறைய வேண்டும்.

இதெல்லாம் சரி செய்தாலும் ஒன்று உதைக்கும். வயல் படம் சாயங்காலம் எடுத்தது. பனை நிழல் நம்மைப் பார்த்து விழுகிறது. மேற்கே இருக்கும் மலைக்குப் பின்னால்தான் அப்போது வெயில். நீ ஒட்டியதோ காலை வெயிலில் முகம் மின்னும் மலை. அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை, வேறு படம்தான் தேட வேண்டும்.

ஐப்பசியில் வருகிறேன். மழை விட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே வரப்பில் நிற்போம். ஒட்டு வேலையே இருக்காது.

உன்
பழைய ஸ்டூடியோ கூட்டாளி