பொருள்: பழுதுபார்த்த மடிக்கணினியில் தொடக்க பின் நம்பர் காணாமல் போனது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். மதர்போர்டு மாற்றுவதற்காக என் மடிக்கணினியை உங்கள் சேவை மையத்தில் கொடுத்திருந்தேன். புதிய போர்டில், டிஸ்க்கின் சாவியைக் காத்துவைக்கும் டிபிஎம் சிப்பும் புதியது என்பதால் பழைய பூட்டு திறக்காது. அதனால், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டீர்கள், கொடுத்தேன். "எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கும்" என்றுதான் சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்து இயக்கினால், முன்பெல்லாம் இயக்கியதுமே கேட்கும் பின் நம்பரைக் கேட்காமல் நேராக விண்டோஸ் உள்நுழைவுத் திரை வந்து நின்றது. சந்தேகப்பட்டு, நிர்வாகி உரிமையோடு இதைக் கொடுத்துப் பார்த்தேன்:

```
manage-bde -protectors -get C:
```

முன்பு "TPM And PIN" என்று இருந்த இடத்தில் வெறும் "TPM" மட்டும் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, "சிப் இருக்கிறதே, டிஸ்க் என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். இரண்டும் ஒன்றில்லை. என் புகாரே இதுதான்.

சிப் மட்டும் இருந்தால், துவக்க நிரல்கள் மாறவில்லை என்று பார்த்ததுமே அது சாவியை விட்டுவிடும். இயக்குவது நானா திருடனா என்று அது கேட்பதில்லை. உள்நுழைவுத் திரை வரும்போது டிஸ்க் ஏற்கெனவே திறந்து, சாவி நினைவகத்தில் இருக்கும். என் மடிக்கணினியில் டிபிஎம் தனிச் சிப்பாக இருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு: சாவி மறையாக்கம் இல்லாமலே போர்டின் கம்பித்தடம் வழியாகப் பிராசஸருக்குப் போகிறது. மடிக்கணினி கையில் கிடைத்தவர் மலிவான ஒரு கருவியை அங்கே தொட்டுப் படித்துவிடலாம். விண்டோஸ் கடவுச்சொல் இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது. அது எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

பின் நம்பர் இருந்தால், சரியான எண் வராமல் சிப் சாவியை விடாது. தவறான முயற்சிகளைச் சிப்பே எண்ணுகிறது. விண்டோஸின் வழக்கமான அமைப்பில் 32 தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முயற்சிதான் தரும். ஆறு இலக்க எண் போதுமானதாக இருப்பது இதனால்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இப்போது நானே சரிசெய்துவிட்டேன். விண்டோஸின் குழுக் கொள்கை அமைப்பில் "Require additional authentication at startup" என்பதை நான் முன்பே இயக்கியிருந்தேன். அதனால் ஒரு கட்டளையே போதுமானது:

```
manage-bde -protectors -add C: -TPMAndPIN
```

அது கேட்ட இடத்தில் புதிய எண்ணைக் கொடுத்து, தனியாக "TPM" என்ற வரி மிச்சமில்லை என்று மறுபடி பார்த்துக்கொண்டேன். உங்கள் வேலைத்தாளில் எழுதப்பட்டுவிட்ட மீட்புச் சாவியையும் நீக்கிப் புதிதாக ஒன்று உருவாக்கிவிட்டேன்.

என் எண் உங்களுக்குத் தெரியாது, நீங்களே அமைத்திருக்க முடியாது, சரி. ஆனால் "பின் நம்பரை மீண்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் கவனிக்காமல் இருந்திருந்தால், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பியே பயணம் செய்திருப்பேன்.

போர்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய பாதுகாப்பு முறையைக் குறித்துவைத்து, எது மாறியது என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் தர வேண்டும். வேலைத்தாளில் உள்ள என் பழைய சாவியை அழித்துவிட்டதாகவும், தொலைபேசியில் சொன்ன தவறான விளக்கத்தைத் திருத்திக்கொண்டதாகவும் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்