அடுப்படியில் வைக்குமுன்

வேல்ஸ்
மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். இங்கேயும் மலைதான், பனிமூட்டமும் நம்ம பொகவந்தலாவை மாதிரியேதான். ஆனால் கொழுந்துச் செடி இல்லை, எங்கு பார்த்தாலும் புல்லும் செம்மறியும். இப்போது குட்டி போடும் காலம் என்பதால் எனக்கு ராத்திரி வேலை. கொட்டகைக்குள்ளேயே வைக்கோல் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அப்பா, முந்தாநாள் ராத்திரி நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஆடு பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாக முக்கிக்கொண்டே இருந்தது. பார்த்தால் குட்டியின் மூக்கும் ஒரு கால் குளம்பும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. சரியாக வரும் குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் முன்னால் நீண்டு, அதன்மேல் மூக்கு வைத்தபடி இருக்கும். இதற்கு மற்றக் கால் தோளோடு பின்னால் மடங்கிப் போயிருந்தது. அப்படியே இழுத்தால் தோள் அடைத்துக்கொள்ளும்.

நீளக் கையுறை போட்டு வழுக்கும் களிம்பைத் தாராளமாகப் பூசினேன். ஆடு முக்காத நேரம் பார்த்து, குட்டியின் தலையை மெதுவாக உள்ளே தள்ளினேன். அது முக்கும்போது தள்ளக்கூடாது, கருப்பை கிழிந்துவிடும். பிறகு கழுத்தோரமாகத் தோளைத் தடவிப்போய், மடங்கின காலைப் பிடித்து, குளம்பை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு முன்னால் கொண்டுவந்தேன். பொத்தாவிட்டால் குளம்பு நுனி உள்ளே கீறிவிடும். கால் இரண்டும் வந்த பிறகு, ஆடு முக்கும்போதெல்லாம் அதன் பின்னங்கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்தேன். பெரிய கடாக்குட்டி. மூக்கில் வைக்கோல் துரும்பால் குத்தியதும் தும்மிவிட்டுக் கத்தியது.

அதன் பின்னால் இன்னொன்று சுலபமாக வந்து விழுந்தது. ஆனால் மூன்று கிலோதான் இருக்கும், துவண்டு கிடந்தது. களைத்துப்போன தாய் பெரியதை மட்டும் நக்கியது. சின்னதன் வாய்க்குள் விரலை விட்டேன், ஈரமும் குளிரும்தான், சப்பவில்லை. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 36.5 டிகிரி. நல்ல குட்டிக்கு 39, 40 இருக்கும். 37க்குக் கீழே போனால் ஆபத்து.

இது பிறந்து ஒரு மணிகூட ஆகவில்லை. துவாயால் ரோமம் முழுக்கத் துடைத்து, சூடுபண்ணும் பெட்டியில் வைத்தேன். உடம்பு 37ஐத் தாண்டி, தலையைத் தானாக நிமிர்த்தின பிறகுதான், தாயிடம் கறந்த சீம்பாலை ரப்பர் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டேன், ஒரு கிலோவுக்கு 50 மில்லி கணக்கில் 150 மில்லி. தொப்புளில் அயடின் தொட்டுத் தாயின் பக்கத்தில் விட்டேன். விடியும்போது வாலை ஆட்டிக்கொண்டு காம்பைத் தேடியது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் ஒன்று, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. வந்த புதிதில், ராத்திரி பிறந்த ஒரு குட்டி காலையில் சில்லிட்டுக் கிடந்ததைப் பார்த்து நேரே பெட்டிக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்து செத்துவிட்டது. பண்ணைக்காரர் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. குட்டி உடம்பில் ஒரு கொழுப்போடுதான் பிறக்கிறது, அதை எரித்துத்தான் சூடாக இருக்கிறது. பால் குடிக்காமல் ஐந்து மணி நேரம் போனால் அது தீர்ந்து இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அந்த நிலையில் சூடாக்கினால் உடம்பு மிச்ச சர்க்கரையையும் செலவழித்துவிடும். அப்படிப்பட்ட குட்டிக்கு முதலில் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி, அதன் பிறகுதான் சூடு.

அப்பா, போன வருசம் விடியக்காலையில் இஸ்தோப்பில் கிடந்த வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கி அடுப்படியில் வைத்தோமே, காலை உதைத்து உதைத்துச் செத்ததே, அதுவும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நம்மில் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது.

கறுப்பி சினையாக இருக்கிறதாகத் தங்கச்சி சொன்னாள். போடும் ராத்திரி பக்கத்திலேயே இருங்கள். பிறந்ததும் துடைத்து, தலை நிமிர்ந்து சப்பினால் உடனே சீம்பால் கொடுங்கள். சப்பாத குட்டியின் வாயில் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காலையில்தான் கண்டீர்கள், அது தலையைத் தூக்கவே இல்லை என்றால், அடுப்பில் வைக்குமுன் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஊசி அவர் போட வேண்டியது.

ஊருக்கு வரும் ஒரு நண்பரிடம் வெப்பமானி ஒன்று கொடுத்தனுப்புகிறேன். அம்மாவின் கம்பளித் துணியில் சுற்றிக் காம்பராவில் பத்திரமாக வையுங்கள். கறுப்பி எப்போது போடும் என்று கணக்குப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகன்