அப்பாவின் படமும் பிக்சல் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்போன் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பிரேம், கேன்வாஸ் எல்லாம் சொன்னீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன் படத்தில் எத்தனை பிக்சல், அதாவது புள்ளி, இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் நான் பட்ட பாடு இது.

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு 20க்கு 30 அங்குலப் படம் போட நினைத்தோம். அண்ணன் மகன் எடுத்த கல்யாணப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் ஸ்டுடியோவில் கொடுத்தேன். போனில் பளிச்சென்றுதான் தெரிந்தது. பிரிண்ட் வந்தபோது முகம் மெழுகு பூசினாற்போல் இருந்தது. மூக்குக்கண்ணாடியின் கம்பி கன்னத்தோடு கரைந்து போயிருந்தது. கண்ணாடி இல்லாமல் அப்பா வாசல்படி கூடத் தாண்டமாட்டார்.

அப்புறம்தான் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்தது 1200க்கு 1600 பிக்சல். அதில் நான் வெட்டி எடுத்தது 600க்கு 800. நீளப் பக்கத்தின் 800ஐ 30 அங்குலத்தால் வகுத்தால் அங்குலத்துக்கு 27 புள்ளிகூட வரவில்லை. அதாவது ஒரு புள்ளி கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். கம்பி எப்படித் தெரியும்? "300 டிபிஐ ஆக்கித்தானே போட்டோம்" என்றார் கடைப் பையன். டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. இருக்கிற புள்ளிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் புதிய புள்ளிகளை நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத கம்பி அதில் எங்கிருந்து வரும்?

அண்ணன் மகனின் போனில் மூலப்படம் 3000க்கு 4000 இருந்தது. படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். அதே இடத்தை வெட்டினால் 1500க்கு 2000 கிடைத்தது. 30 அங்குலத்துக்கு இதுவும் 66தான். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு 300 வேண்டும், சுவரில் ஐந்தாறு அடி தள்ளிப் பார்க்கும் படத்துக்கு 150 இருந்தால் நல்லது. 100க்குக் கீழே நான் இறங்கமாட்டேன். எனவே 12க்கு 18 ஆகக் குறைத்தோம், 111 வந்தது.

சரி, கணக்கு மட்டும் போதாது. ஜூம் செய்து எடுத்த படத்திலும் இருட்டில் எடுத்த படத்திலும் எண்ணிக்கை நிறைய இருக்கும், உள்ளே விவரம் இல்லாமல் போகலாம். அதனால் முகத்திலிருந்து 666க்கு 444 பிக்சல் அளவுக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டி, 6க்கு 4 அளவில் சாதாரண பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். பெரிய படத்தில் அந்த இடம் வரப்போகும் அதே அளவு அது. சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்றேன். கம்பி தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பிரிண்டுக்குப் பணம் கட்டினேன்.

ஆர்டர் சீட்டில் அளவு, பிரேம், முன்பணம் எல்லாவற்றுக்கும் கட்டம் போடும் ஸ்டுடியோக்காரர்கள், பிக்சலுக்கும் ஒரு கட்டம் போட்டால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்