நியூயார்க் நண்பர்களுக்கு மெயில்: நேரம் பார்த்து அனுப்புங்கள்

வணக்கம். சந்திப்பு அழைப்பைப் போன தடவை திங்கள் காலை 9 மணிக்கு அனுப்பினோம். அங்கே அது ஞாயிறு இரவு 11:30, விடிவதற்குள் மற்ற மெயில்களுக்கு அடியில் போய்விட்டது, பாதிப் பேர் பார்க்கவே இல்லை. இந்த முறை:

1. செவ்வாய், நம் நேரம் மாலை 6:30. அங்கே காலை 9, வேலையில் உட்காரும் நேரம்.
2. ஜிமெயிலில் Send பக்கத்து அம்புக்குறி, Schedule send. நம் நேரத்தையே போடுங்கள், அவர்கள் நேரத்தை அல்ல.
3. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னே போகும். அப்புறம் மார்ச் வரை 7:30 என்று வையுங்கள்.

வைத்ததும் Scheduled பகுதியில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, திங்கள் இரவு 8 மணிக்குள் இங்கே 'சரி' என்று போடுங்கள்.