பகுதிநேர ஐடி ஆளை நம்பி ஈஆர்பி வாங்கப்போகும் பட்டறை உரிமையாளர்களுக்கு

வணக்கம். சின்னப் பட்டறைகளுக்குப் பகுதிநேரமாகப் போய் ஐடி வேலையைப் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி மென்பொருளை ஓப்பன் சோர்ஸில் எடுப்பதா, காசு கொடுத்து வாங்குவதா என்ற பேச்சு உங்களிடம் எப்போதும் லைசென்ஸ் விலையில்தான் ஆரம்பிக்கிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு. அப்டேட்டை யார் போடுவார், சர்வர் படுத்துவிட்டால் யார் எழுப்புவார், அதற்கு அவரிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

ஒரு பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டிருந்தார்கள். எந்த உருக்கிலிருந்து வந்த இரும்பு என்று வாடிக்கையாளர் கேட்பதால் ஜாப் கார்டில் ஹீட் நம்பருக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டது. போட்டுக்கொடுத்தவர் அவசரத்தில் மென்பொருளின் மூலக் கோப்பிலேயே கை வைத்து அதைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். மாதக்கணக்கில் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அப்டேட் போடும் கட்டளையான `bench update` கொடுத்தபோது, கோப்புகளில் சேமிக்காத மாற்றங்கள் இருக்கின்றன, தொடர முடியாது என்று நின்றுவிட்டது. அன்றைக்கு வந்த ஐடி பையனுக்கு இருந்ததோ அரைநாள். கோப்புகளை அசல் நிலைக்கே திருப்பிவிடும் `bench update --reset` கொடுத்தார், அப்டேட் ஓடி முடிந்தது, ஹீட் நம்பர் கட்டம் திரையிலிருந்து போய்விட்டது. நல்லவேளை, தரவு அழியவில்லை, அந்தக் கட்டத்துக்கான பத்தி டேட்டாபேஸ் அட்டவணையில் அப்படியே இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை தரச் சான்றிதழ் ஒன்றுகூட வெளியே போகவில்லை. Customize Form திரையில் போய் அதே கட்டத்தைச் சேர்த்திருந்தால் அது டேட்டாபேஸில் பதிவாகியிருக்கும், அப்டேட்டும் அதைத் தொட்டிருக்காது. அதனால் உங்கள் பட்டறைக்கென்று என்னென்ன மாற்றம் செய்தார்கள், எந்த வழியில் செய்தார்கள் என்று எழுதி வாங்காமல் போட்டுக்கொடுத்தவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ஓடூ என்ற இன்னொரு ஈஆர்பியின் இலவசப் பதிப்பை எடுப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வருடம் ஒரு புதுப் பதிப்பு வருகிறது, கடைசி 3 பதிப்புகளுக்குத்தான் ஆதரவு. பழையதிலிருந்து புதியதற்கு மாற்றித்தரும் சேவை காசு கட்டும் பதிப்புக்குத்தான் உண்டு. இலவசப் பதிப்புக்கு ஓப்பன்அப்கிரேடு என்ற சமூகத் திட்டத்தை வைத்து நாமே செய்ய வேண்டும். பகுதிநேர ஆளுக்கு அது சின்ன வேலை இல்லை.

அப்படியானால் காசு கொடுத்தே வாங்கிவிடலாமா? சர்வரும் பேக்கப்பும் அவர்கள் பொறுப்பு, வரி விதி மாறினால் மாற்றமும் அவர்களிடமிருந்தே வரும், அது பெரிய நிம்மதிதான். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டும்போது பட்டறைக்குள் என்ன நடக்கிறது பாருங்கள். லேத், மில்லிங், கிரைண்டிங் எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாகின் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், யார் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தார் என்பதே பதிவில் இருக்காது, எந்த ஜாப்பில் லாபம் எதில் நஷ்டம் என்பதும் தெரியாது. அது தெரியத்தானே ஈஆர்பி வாங்கினீர்கள்?

என் கருத்து இதுதான்: வாரத்தில் ஓரிரு அரைநாள் மட்டும் ஐடி ஆள் வரும் பட்டறை ஓப்பன் சோர்ஸை எடுக்கலாம், ஆனால் சர்வரைத் தன் அறையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த மென்பொருளையே தொழிலாக நடத்தித்தரும் ஹோஸ்டிங்கில் காசு கட்டி வையுங்கள். ஐடி ஆளின் நேரம் பாகப் பட்டியலான பிஓஎம்மைச் சரிபார்ப்பதற்கும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் போகட்டும். சம்பளக் கணக்கும் வரித் தாக்கலும் உங்களுக்குச் சிக்கலானவை என்றால் அவற்றை மட்டும் வணிக மென்பொருளில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

எதை எடுத்தாலும் கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வணிக மென்பொருள் என்றால், சோதனைக் காலத்திலேயே மூன்று அடுக்கு பிஓஎம் ஒன்றை வரைபடங்களோடு சேர்த்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் மட்டும் எக்செல்லில் வந்து, எந்த வரைபடம் எந்தப் பாகத்துக்கு என்ற தொடர்பு வரவில்லையென்றால், நாளைக்கு வேறு இடம் மாறும்போது அதையெல்லாம் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட் என்றால், `pattarai.local` இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பெயரைப் போட்டு இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```
bench --site pattarai.local backup --with-files
```

டேட்டாபேஸ், பொதுக் கோப்புகள், தனிக் கோப்புகள், தள அமைப்பு என்று தனித்தனியாகக் கோப்புகள் வரும். அவற்றை வேறொரு கணினியில் ஏற்றி, பழைய ஜாப் கார்டு ஒன்றைத் திறந்து வரைபடம் வருகிறதா பாருங்கள், அப்புறம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். ஜாப் கார்டு திறந்து மின்னஞ்சல் மட்டும் போகவில்லையென்றால், பழைய `site_config.json` கோப்பிலுள்ள `encryption_key` புதுக் கணினிக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்க முடியாது.