கதிரையில் இருப்பவருக்கு எவ்வளவு புரதம்?

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை பார்ப்பவர்களும் இப்போது புரதப் பவுடர் டின் வாங்குகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை.

உடலுழைப்புக் குறைந்த, ஆரோக்கியமான ஒருவருக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 48 கிராம். இதை நம் வீட்டுச் சாப்பாட்டில் பார்ப்போம். காலை இடியப்பத்துக்கும் மதியச் சோற்றுக்குமாக 250 கிராம் அரிசி, மா போனால் ஏறக்குறைய 17 கிராம் கிடைக்கும். குழம்பில் 75 கிராம் மீன், இன்னொரு 15 கிராம். 40 கிராம் பருப்பில் கறி வைத்தால் 10 கிராம் அளவில் வரும். ஒரு முட்டை 6 கிராம். கணக்குச் சரி! மீன் சாப்பிடாதவர்கள் பருப்பையும் கடலையையும் கூட்டி, தயிரும் சேர்க்கலாம்.

பவுடர் குடித்தாலே தசை வளரும் என்பது தவறு. தசைக்குப் பயிற்சி வேண்டும். தேவைக்கு மிஞ்சிய புரதத்தை உடல் புரதமாகச் சேமிப்பதில்லை. நைதரசன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும், மீதி சக்தியாகச் செலவாகும் அல்லது கொழுப்பாகும். ஆரோக்கியமானவரின் சிறுநீரகத்தைப் பவுடர் பழுதாக்கிவிடும் என்ற பயத்துக்கும் வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவருக்கு இது உண்மையான ஆபத்து. நீரிழிவுக்காரர் பலருக்கு அந்தப் பாதிப்பு அறிகுறியில்லாமலே இருக்கும். அவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பரிசோதிக்காமல் டின்னைத் திறக்க வேண்டாம்.

உண்மையில் புரதம் குறைவது பாணும் தேநீருமாகப் பொழுதைக் கழிக்கும் முதியவர்களுக்குத்தான். அவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும். டின்னுக்குக் கொடுக்கும் காசில் அவர்களுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்